இருபத்தைந்து தசம் நான்கு

நிமலினியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. கெட்டிக்காரி என்பது ஒன்று, விசரி, அதாவது பைத்தியக்காரி, என்பது மற்றது. இரண்டையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். காலையில் மீன் வாங்கும்போது கெட்டிக்காரி என்பார்கள், மாலையில் மதிலுக்கு மேலால் கதைக்கும்போது விசரி என்பார்கள். இரண்டு பெயரையும் அவள் என் கடைக்குள் இருந்துதான் எடுத்தாள். அதனால் நடந்ததைச் சொல்ல மற்றவர்களைவிட எனக்கு உரிமை அதிகம்.

என் பெயர் மாக்கிறேற். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவுப்பக்கத்தில், ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகிற தெருவில் தொலைபேசி நிலையம் வைத்திருந்தேன். கனடாவுக்கும் கொழும்புக்கும் கதைக்க வருகிறவர்கள் அழுவதையும் சண்டை பிடிப்பதையும் பொய் சொல்வதையும் கேட்டுக் கேட்டு என் காது தடித்துவிட்டது. ஒருவர் பேச்சையும் கேட்பதில்லை என்று வெளியே சொல்வேன். கேட்காமல் என்ன செய்வது? கடையே ஒரு அறைதான்.

நிமலினி பிலோமினம்மாவின் ஒரே மகள். தகப்பன் இன்னாசித்தம்பி கடற்றொழில். வீட்டில் எல்லோரும் வலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இவள் கோடு கீறிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் படவரைஞர் படிப்பு முடித்து, கொழும்புக்குப் போய், அரியநாயகம் என்கிற காரைநகர் முதலாளியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிளாஸ்ரிக் சாமான்களுக்கு இரும்பில் அச்சு வெட்டுகிற பட்டறை அது. போத்தல் மூடி, குழாய்ப் பூட்டு, வாளிக் கைபிடி என்று எதற்கும் முதலில் கணினியில் உருவம் செய்ய வேண்டும். அந்த உருவத்தைப் பார்த்துத்தான் இயந்திரம் இரும்பைக் குடையும். உருவம் செய்கிற கதிரையில் இருந்தவள் நிமலினி.

2006ஆம் ஆண்டு ஆவணியில் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்த கையோடு சண்டை தொடங்கியது, கொழும்புக்குப் போகிற ஒரே தரைப்பாதை பூட்டுப்பட்டது. நாளைக்குத் திறப்பார்கள், அடுத்த கிழமை திறப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே நத்தார்ப் பண்டிகை வந்துவிட்டது. வெளியே போவதென்றால் கப்பல் அல்லது பிளேன். இரண்டுக்கும் படைக்காரர் தருகிற பாஸ் வேண்டும். விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஆட்கள் மாதக்கணக்கில் இருந்தார்கள். நிமலினியும் இருந்தாள். பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்க் கேட்டு, வெறுங்கையோடு திரும்பி, என் கடை வாசலில் பஸ்ஸால் இறங்குவாள். முகத்தைப் பார்த்தாலே தெரியும், நான் கேட்கமாட்டேன்.

"மூச்சு முட்டுது அக்கா," என்று ஒருநாள் சொன்னாள். "கடலுக்குப் போறதெண்டாலும் நேவியைக் கேக்கோணும். பின்னேரமானால் கதவைப் பூட்டோணும். தெருவிலை நாய் குலைச்சால் அம்மா என்னை அறைக்குள்ளை தள்ளுறா. நான் செத்தாப் பிறகும் பாஸ் எடுத்துத்தான் மேலை போகோணும் போலை."

பிலோமினம்மாவுக்கு மகள் கண்ணுக்கு முன்னால் இருப்பதே போதும். "கொழும்பிலையும் எங்கடை பிள்ளையளைப் பிடிக்கினம்தானே," என்பார். அதுவும் உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு அந்த உண்மை ஒரு சோறும் போடவில்லை.

லீவுக்கு வரும்போது அவள் மடிக்கணினியையும் கொண்டு வந்திருந்தாள். அது புண்ணியம். முதலாளியோடு கதைத்து, இங்கே இருந்தபடி சின்னச் சின்ன வேலை செய்யத் தொடங்கினாள். என் கடைத் தொலைபேசி வழியாகத்தான் இணையம். ஒரு படம் இறங்குவதற்குள் நான் பாணும் சம்பலும் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம். அதனால் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: இந்த வயரால் ஸ்ரெப் என்கிற வகைக் கோப்பு மட்டும்தான் வரும், போகும். எஸ்.ரி.எல். கோப்பை அனுப்பினால் கண்டபடி ஏசுவாள்.

வித்தியாசம் என்னவென்று நான் கேட்டேன். எனக்கு எதையும் கேட்காமல் இருக்க ஏலாது. அவள் அப்பாவின் வலையிலிருந்து ஒரு துண்டையும் ஒரு மிதவைப் பந்தையும் எடுத்து வந்து, வலையைப் பந்தின் மேல் இழுத்துப் போர்த்தினாள்.

"பாருங்கோ அக்கா. ஸ்ரெப் எண்டால், 'இது ஒரு பந்து, நடுப்புள்ளி இஞ்சை, ஆரை இவ்வளவு, அளவு அங்குலத்திலை' எண்டு எழுதி வைச்ச மாதிரி. நாலு வரி காணும், சின்னக் கோப்பு. வளைவு வளைவாகவே இருக்கும். எஸ்.ரி.எல். இந்த வலை மாதிரி. முடிச்செல்லாம் பந்திலை முட்டுது. ஆனால் முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவிலை நூல் நேராத்தானே போகுது? வளைவே இல்லை. எல்லாம் சின்னச் சின்ன முக்கோணம். வலைக் கண்ணைச் சின்னனாக்கினால் உருண்டை மாதிரி வரும், ஆனால் கோப்பு வீங்கிப் போகும். அதோடை அதுக்குள்ளை வெறும் இலக்கம்தான். ரெண்டு எண்டு இருக்கும். ரெண்டு அங்குலமோ ரெண்டு மில்லிமீற்றரோ எண்டு அது சொல்லாது."

"ஓ.பி.ஜே. எண்டும் ஒண்டு சொல்லுவீரே?"

"அதுவும் அப்பிடித்தான், முக்கோணக் கூட்டம். அளவின்ரை அலகு அதிலையும் இல்லை. படம் காட்டுறதுக்கு நல்லது, இரும்பு வெட்டக் கூடாது."

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை இங்கே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன்.

அவள் இல்லாத இடத்தில் கொழும்பிலே அவளுடைய கதிரையில் இருந்தவர் குலசிங்கம். புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரர், நிமலினிக்கு அண்ணன் வயது. முன்பு நீர்க்குழாய் பொருத்துகிற வேலை செய்தவர். கணினியைப் பிறகுதான் பழகினார். நல்ல மனுசன், நிதானம்தான் போதாது.

2007 நடுப்பகுதியில் பட்டறைக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குத் தண்ணீர்க் குழாயைப் பூட்டித் திறக்கிற பந்து வால்வு. உள்ளே இரண்டு அங்குலப் பந்து ஒன்று சுழல வேண்டும். பந்து சரியான உருண்டையாக இருந்தால் தண்ணீர் நிற்கும், இல்லாவிட்டால் ஒழுகும். அச்சு வெட்டி முதல் பந்துகளை வார்த்து எடுத்தார்கள். பந்து கூட்டுக்குள் லொட லொட என்று ஆடியது. தண்ணீர் விட்டுப் பார்த்தால் ஒழுகியது.

அன்றைக்கு முதலாளியே அழைத்தார். குரல் மெல்லியதாகக் கேட்டதால் நான் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டேன். எனக்காக இல்லை, அவளுக்காக.

"நிமலினி, இஞ்சை ஒருத்தருக்கும் பிடிபடேல்லை," என்றார் அரியநாயகம். "பிளாஸ்ரிக் கூடுதலாச் சுருங்குது எண்டு ஒருத்தன் சொல்லுறான். மெஷின் பிழை எண்டு இன்னொருத்தன். உம்மாலை அங்கையிருந்து கண்டுபிடிக்க ஏலாட்டில் நான் உம்மை இஞ்சை எடுக்கிறன். மேலை எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார். அடுத்த கப்பலிலை ஒரு இடம் கேக்கலாம். ஒருக்காத்தான் கேக்கலாம், அடிக்கடி கேக்க ஏலாது."

நிமலினி கதிரையின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தாள். நானோ பந்து ஒழுகட்டும், நல்லாக ஒழுகட்டும் என்று மாதாவை மன்றாடினேன். இப்படி ஒரு மன்றாட்டு மாதாவுக்கு முன்பின் போயிராது.

அடுத்து குலசிங்கம் தொலைபேசியை வாங்கினார்.

"பந்து ஐம்பது மில்லிமீற்றர்தான் வருது நிமலினி. ஐம்பது தசம் எட்டு வரவேணும். ரெண்டு அங்குலமெல்லோ."

"பந்தை விடுங்கோ அண்ணை. பிளாஸ்ரிக்கிலை பிழையோ இரும்பிலை பிழையோ எண்டு முதல்லை பாப்பம். அச்சுக் குழியின்ரை விட்டத்தை அளந்து சொல்லுங்கோ."

அவர் அளந்துவிட்டு வந்தார். "சரியா ஐம்பத்தொண்டு."

நிமலினியின் முகம் மாறியது. பிறகு, "எனக்கு விளங்கேல்லை அண்ணை. நேரிலை பாத்தால்தான் சொல்லலாம்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வைத்ததும் நான் கதவைச் சாத்தினேன். "பொய்தானே சொன்னனீர்?"

"ஓம் அக்கா." ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினாள். இந்தப் பிளாஸ்ரிக் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு சுருங்கும். அதனால் அச்சுக் குழி ஐம்பத்தொன்று தசம் எட்டு இருக்க வேண்டும். இருப்பது ஐம்பத்தொன்று. ஆக, பிளாஸ்ரிக்கில் பிழை இல்லை, இரும்பில் குழியே சிறிதாக வெட்டுப்பட்டிருக்கிறது. "வாடிக்கையாளர் ஸ்ரெப்பை அங்குலத்திலை அனுப்பியிருக்கிறான். குலசிங்கம் அண்ணை அதை அப்பிடியே அங்குலத்திலை எஸ்.ரி.எல். ஆக்கியிருக்கிறார். வெட்டுற மெஷின் மில்லிமீற்றர் எண்டு நினைச்சுக் கடுகு மாதிரி ஒரு பந்தைக் காட்டியிருக்கும். இவர் அதை இருபத்தைஞ்சாலை பெருக்கிப் பெரிசாக்கியிருக்கிறார், அதிலை நூற்றுக்கு ரெண்டு கூட்டினால் சரியா ஐம்பத்தொண்டு."

"ஒரு அங்குலம் இருபத்தைஞ்சுதானே?"

"பாத்தீங்களே, நீங்களும் சொல்லுறீங்கள்! இஞ்சை எந்தக் கடையிலையும் ஒரு அங்குலக் குழாயை இருபத்தைஞ்சு எண்டுதான் கேட்டு வாங்குறது. அண்ணை குழாய் பூட்டினவரெல்லோ, கை பழகிப்போச்சு. ஒரு அங்குலம் இருபத்தைஞ்சு தசம் நாலு."

அதோடு முடியவில்லை. எஸ்.ரி.எல். ஆக்கும்போது முக்கோணம் உண்மையான வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று கணினி கேட்குமாம். மில்லிமீற்றர் வேலைகளுக்கு அந்தப் பெட்டியில் தசம் பூச்சியம் ஒன்று என்று போடுவது பட்டறைப் பழக்கம். இந்த முறையும் அவர் அதையே போட்டிருப்பார். ஆனால் படம் அங்குலத்தில் இருந்ததால் அது கால் மில்லிமீற்றர் விலகலாகிவிட்டது. பந்து முழுக்கத் தட்டை தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். ஒழுகியதன் காரணம் அது. வாடிக்கையாளருக்கு அனுப்பிய ஓ.பி.ஜே. படத்தில் ஒன்றும் தெரிந்திராது. திரையில் முக்கோணங்களின் விளிம்பை மறைத்து மினுக்கிக் காட்டுகிற வித்தை அதற்கு உண்டு. முதலாளி அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டினாராம்.

"நீர் வாயைத் திறக்காதையும்," என்றேன். "கப்பலுக்குப் போம். அங்கை போய்ச் சொல்லும். ஒருத்தருக்கும் நட்டமில்லை."

"அதுதான் அக்கா நானும் நினைக்கிறன்," என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் உடுப்புக்களை எடுத்து அடுக்கியிருக்கிறாள். பிலோமினம்மா என்னிடம் வந்து, என்ன புதினம் என்று கேட்டு என்னைப் பிய்த்து எடுத்தார். மகளிடமே கேளுங்கோ என்று அனுப்பிவிட்டேன்.

அந்தக் கிழமை முழுக்க அங்கே குலசிங்கம் தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தார். தட்டையான எஸ்.ரி.எல். கோப்பைத் திரும்பவும் ஸ்ரெப் ஆக்கி, "இப்ப சரி வரும்," என்று அனுப்பினார். அது என் வயரில் இறங்கி முடியவே பாதி நாள் போயிற்று. நிமலினி திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். பெயர்தான் ஸ்ரெப், உள்ளே அதே ஆயிரக்கணக்கான தட்டைத் துண்டுகள். வலையைப் பிரித்தால் நூல் வரும், பந்து வராது என்றாள். ஒருமுறை தொலைந்த வளைவைத் திருப்பி எடுக்க ஏலாதாம், மூலத்துக்குத்தான் போக வேண்டுமாம். ஆனால் அவருக்கு அவள் எழுதிய பதில், "நேரில் பார்க்க வேண்டும்" என்பதுதான்.

இதற்குள் நேவிக்காரன் ஒருவன் கடைக்கு வந்து நின்றான். தொலைபேசியில் எந்த நேரமும் இலக்கம் சொல்லுகிறீர்களாம், என்ன இலக்கம் என்று கேட்டான். நிமலினி திரையில் பந்தைச் சுழற்றிக் காட்டி, தண்ணீர்ப் பைப் என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் பந்தையும் பார்த்து அவளையும் பார்த்தான். அடையாள அட்டையை வாங்கி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனான். அன்று அவள் வீட்டுக்குத் தனியாகப் போகப் பயந்து என்னோடு வந்தாள். "கப்பல் எப்ப அக்கா?" என்று வழி நெடுகக் கேட்டாள், எனக்குத் தெரியும் என்பது போல.

அடுத்த கிழமை குலசிங்கம் அழைத்தார். வேலை விஷயமாக இல்லை.

"நிமலினி, சொல்லிப்போட்டுப் போவம் எண்டு எடுத்தனான். மாத முடிவோடை முதலாளி என்னை வேலையை விட்டு நிக்கச் சொல்லிப்போட்டார். பிழை என்ரைதானே, அவரிலை கோவமில்லை."

"அண்ணை, அப்ப எங்கை இருப்பியள்?"

"அதுதான் தெரியேல்லை. லொட்ஜிலை பொலிஸ் பதிவு இந்த வேலையைக் காட்டித்தானே எடுத்தது. வேலை இல்லாமல் கொழும்பிலை ஏன் நிக்கிறாய் எண்டு கேட்டால் சொல்ல ஒண்டுமில்லை. போன மாதமும் லொட்ஜுகளிலை இருந்த எங்கடை ஆக்களைப் பஸ்ஸிலை ஏத்தி ஊருக்குத் துரத்தினவங்கள். பாப்பம். நீர் யோசியாதையும். நீர் வந்தால் இந்தக் கதிரை உமக்குத்தான், கொஞ்சம் ஆடும், காலுக்குக் கீழை கடதாசி மடிச்சு வைச்சிருக்கிறன்."

மனுசன் கெஞ்சியிருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன். கெஞ்சினால் நிமலினிக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வைத்துவிடுவாள். அவர் கதிரையைப் பற்றி அல்லவா கதைத்தார்! நான் அவளைப் பார்த்துக் கை இரண்டையும் ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அண்ணை, கம்பியூட்டருக்கு முன்னாலையோ நிக்கிறியள்?" என்றாள். "இருங்கோ. நான் சொல்லுறதைச் செய்யுங்கோ. அந்த எஸ்.ரி.எல். எல்லாத்தையும் தூக்கி எறியுங்கோ. வாடிக்கையாளர் அனுப்பின முதல் ஸ்ரெப்பைத் திறவுங்கோ. அலகு என்ன காட்டுது?"

"அங்குலம்."

"அதை மில்லிமீற்றருக்கு மாத்துங்கோ. பெருக்காதேங்கோ, அலகை மாத்துங்கோ, மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும். இப்ப பந்தை அளவுங்கோ."

"ஐம்பது தசம் எட்டு." உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. "கடவுளே, இருபத்தைஞ்சு தசம் நாலு."

"ஓம் அண்ணை. இனி நூற்றுக்கு ரெண்டு கூட்டுங்கோ. எஸ்.ரி.எல். ஆக்கேக்கை விலகலுக்குத் தசம் பூச்சியம் பூச்சியம் ஐஞ்சு போடுங்கோ, முக்கோணங்களுக்கு இடையிலை வாற கோணத்தையும் குறையுங்கோ. கோப்பு பெரிசா வரும், வரட்டும். பேரிலையே மில்லிமீற்றர் எண்டு எழுதுங்கோ. பிறகு நீங்கள் செய்த கோப்பையே திரும்பத் திறந்து அளவுங்கோ. ஐம்பத்தொண்டு தசம் எட்டு வராமல் மெஷினுக்குக் குடுக்கக் கூடாது. குழி சின்னனா வெட்டுப்பட்டதாலை அச்சும் தப்பும். அதே இரும்பையே இன்னும் கொஞ்சம் குடையலாம், தட்டையெல்லாம் அதோடை போயிடும். முதலாளியிட்டை நீங்களே கண்டுபிடிச்சது எண்டு சொல்லுங்கோ."

தொலைபேசியை வைத்ததும் நான் அவளைப் பிடித்து ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். விசரி என்று முதலில் சொன்னதும் நான்தான், ஊர் அதை என்னிடமிருந்துதான் எடுத்தது. அவள் மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு நானும் அழுதேன். கதைக்க வந்த ஒரு கிழவர் இரண்டு பெண்களைக் கண்டு பயந்து திரும்பிப் போய்விட்டார்.

குலசிங்கம் நேர்மையானவர். அவள் சொல்லச் சொன்ன பொய்யை அவர் சொல்லவில்லை, உண்மையையே சொல்லிவிட்டார். சில நாள் கழித்து அரியநாயகம் அழைத்தபோது அவர் குரலில் தேன் வழிந்தது.

"நிமலினி! ஒரு சொட்டும் ஒழுகேல்லை! குலசிங்கம் எல்லாம் சொன்னவன். அவனும் நிக்கட்டும், இனி நீர் சொல்லுறபடி அவன் செய்வான்."

"சந்தோசம் ஐயா. அந்தக் கப்பல் இடம்..."

"ஓம், அதைச் சொல்லத்தான் எடுத்தனான். நீர் ஏன் பிள்ளை கஷ்டப்படுறீர்? இஞ்சை நிலைமை சரியில்லை. அங்கை அம்மா அப்பாவோடை இருந்துகொண்டே இவ்வளவு வேலை செய்யிறீர். உம்மை எடுத்து நான் என்ன செய்யப்போறன்? கப்பலிலை வேறை ஒரு ஒழுங்கு செய்திருக்கிறன், பாருமன்."

மனுசன் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். கெட்டவரென்றால் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.

அந்தக் கப்பல் வந்தது. முதலாளி மேலிடத்தில் கேட்ட ஒரேயொரு உதவி ஒரு பெட்டியாக வந்து இறங்கியது. புதிய கணினி, பெரிய திரை, மின்சாரம் நின்றாலும் ஓடுவதற்கு ஒரு பற்றரி. நேவி சோதித்து, யாழ்ப்பாணத்தால் சுற்றி, என் கடைக்கு வந்து சேர்ந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல் திரும்பியும் போய்விட்டது. பிலோமினம்மா பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, என் பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பாருங்கோ என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

வெளிச்சம் நல்லாக விழட்டும் என்று நான் அதை யன்னல் ஓரத்து மேசையில் வைத்துக் கொடுத்தேன். அந்த யன்னலால் பார்த்தால் இறங்குதுறையும் கடலும் தெரியும். நிமலினி வயர்களைப் பூட்டினாள். திரை எரிந்தது. குலசிங்கம் அனுப்பிய புதுப் படம் ஒன்று இறங்கத் தொடங்கியது. அவள் எழும்பி மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"மற்றப் பக்கம் பிடியுங்கோ அக்கா," என்றாள். "சுவரைப் பாத்தபடி திருப்பி வைப்பம். எனக்குக் கடல் தெரிய வேண்டாம்."